கோலப்பனின் கேப்ஷன் விரதம்

மகளுடைய ஸ்கூல் கடைசி நாளில் ஒரு எழுத்துகூட எழுதுவதில்லை என்று கோலப்பன் சத்தியம் செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்தச் சத்தியத்தை மீறுவது என்று முடிவு செய்தது அதே செவ்வாய்க்கிழமை மத்தியானம். நடுவில் ஒரு சாப்பாடுதான் ஆகியிருந்தது. அதுவும் தயிர்சாதம்.

அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நானும் கல்யாணம் ஆனவன்தான். மனைவியின் எதிரே செய்கிற சத்தியம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது எனக்கும் தெரியும். மனைவிக்கு அது நம்மைவிட முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்பதைத்தான் நாம் யாரும் படிக்க மாட்டேன் என்கிறோம்.

கோலப்பனுக்கு ஆரியசாலையில் சாக்குக் கடை. சாக்கு, சணல் கயிறு, தார்ப்பாய், தையல் ஊசி. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். தாத்தா காலத்திலேயே திருவனந்தபுரத்துக்கு வந்தாயிற்று. பகல் முழுக்கக் கோணிச் சணலைத் தும்மிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குள்ளே ஒரு கவிஞர் இருக்கிறார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கோலப்பனுக்கு மட்டும் தெரியும். அந்தக் கவிஞர் வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வாசல் போன். யாராவது ஒரு போட்டோ எடுத்தால் போதும், அதன் அடியில் நாலு வரி போட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

மகள் அஸ்வதி ப்ளஸ் டூ. அவளுடைய போட்டோ என்றால் நாலு வரி நாற்பது வரியாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூல் ஆண்டு விழாவில் அவள் நாட்டியம் ஆடினாள். கோலப்பன் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டார். அடியில் எழுதினார்: "ஏழு வயது வரை பாயில் ஆறு ஓடவிட்ட என் செல்வி, இன்று மேடையில் நாட்டிய நதி ஓடவிடுகிறாள்."

அவருக்கு அது உவமையின் உச்சம். அஸ்வதிக்கு அது ஊர் முழுக்க ஒட்டிய போஸ்டர். கிளாஸில் தமிழ் தெரிந்த பிள்ளை ஒருத்தி அதை மலையாளத்தில் மொழிபெயர்த்து உதவினாள். அன்று தொட்டு அஸ்வதியின் பெயர் "நதி". டீச்சர் ஒருத்தர் ஆள் தெரியாமல் வருகைப் பதிவிலேயே நதி என்று கூப்பிட்டதாகச் சொல்கிறார்கள். அஸ்வதி அப்பாவோடு ஒன்பது நாள் பேசவில்லை. பேச ஆரம்பித்த பத்தாம் நாள் அவரை வாட்ஸ்ஆப் தவிர எல்லா இடத்திலும் பிளாக் செய்தாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சத்தியம். மூன்று வாரத்தில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு செண்ட் ஆஃப், வழியனுப்பு விழா. அதோடு கிளாஸ் முடிந்தது. அப்புறம் படிப்பு லீவு, பரீட்சை. பெற்றோரும் வரலாம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. அஸ்வதி டிபன் பாக்ஸை மூடியபடியே விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, நீங்க வரலாம். கைதட்டலாம். பாயசம் குடிக்கலாம். ஆனா கேப்ஷன் மட்டும் வேண்டாம், கேட்டோ. ஒரு வரிகூட. என் லாஸ்ட் டேயாக்கும்."

கோலப்பன் மனைவியைப் பார்த்தார். வடிவாம்பாள் தோசைக்கல்லைப் பார்த்தாள். எதையாவது தொட்டுச் சத்தியம் செய்யுங்கள் என்று மகள் நின்றதால், கையில் இருந்த கடைச் சாவியைத் தொட்டுச் செய்தார்.

மத்தியானம் தயிர்சாதம் முடிந்து கல்லாவில் சாய்ந்தபோது மனசு கேட்கவில்லை. வருத்தம் நிஜமானது, அதில் விளையாட்டில்லை. பிள்ளை அடுத்த வருஷம் கொச்சியில் ஹாஸ்டலுக்குப் போகிறாள். போவதற்குள், அப்பாவுக்கும் நாலு நல்ல வார்த்தை எழுதத் தெரியும் என்று அவள் நாலு பேர் வாயால் கேட்க வேண்டும். அந்த நதியை அவள் மனசிலிருந்து வற்றவைத்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் காலத்துக்கும் அவளுக்கு அப்பா என்றால் பாய்தான் ஞாபகம் வரும்.

யோசனைக்கு ஆள் பக்கத்திலேயே இருந்தான். பிரஜின். சாலைக் கடைத்தெருவில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அவன் மகனும் அஸ்வதியின் கிளாஸ்தான். அந்தக் கடைத்தெருவிலேயே வளர்ந்தவன் என்பதால் தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வரும். கோலப்பன் போய், ஒரு சிநேகிதருக்காகக் கேட்கிறேன் என்று ஆரம்பித்தார். பிரஜின் அந்தச் சிநேகிதரின் போனைக் கையில் வாங்கிக்கொண்டான்.

வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸ்தான் வழி என்றான் அவன். ஃபேஸ்புக் மாதிரி காலாகாலத்துக்கும் நிற்காது. இருபத்துநாலு மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். யாருக்குக் காட்ட வேண்டும் என்பதும் நம் கையில். அதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, போனில் நம்பர் இருக்கிற எல்லாருக்கும். இரண்டு, எல்லாருக்கும், ஆனால் நாம் டிக் அடிக்கிறவர்களைத் தவிர. மூன்று, நாம் டிக் அடிக்கிறவர்களுக்கு மட்டும். ஒரு தடவை வைத்துவிட்டால் அப்புறம் போடுவதெல்லாம் அதே கணக்கில்தான் போகும். எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யார், எத்தனை மணிக்கு என்று அடியில் ஒரு கண் படம் காட்டிக்கொண்டே இருக்கும்.

கோலப்பனுக்கு இரண்டாவது வழி அல்வா மாதிரி இனித்தது. கடைக்கு வந்ததும் இரண்டே இரண்டு பெயரை டிக் அடித்தார். ஒன்று அஸ்வதி. இன்னொன்று "வீடு". வடிவாம்பாளின் நம்பரை அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். ஊரே பார்க்கும், இவர்கள் இரண்டு பேர் மட்டும் பார்க்க மாட்டார்கள். ஊர் வந்து பாராட்டும். பாராட்டு மெதுவாக மகள் காதுக்குப் போகும். அவள் தேடி வந்து பார்ப்பதற்குள் ஸ்டேட்டஸ் மறைந்துவிடும். சாட்சி இல்லை, வழக்கு இல்லை. மகிமை மட்டும் நிற்கும்.

இனிமேல்தான் எழுத வேண்டும். மூன்று வாரமும் கடையில் அதே சோலியாக்கும். எஸ்டிமேட் எழுதுகிற துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவார், அடிப்பார், பையில் திணிப்பார். தார்ப்பாய் கேட்டு வந்தவருக்குக் கயிறு வெட்டிக் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் திரும்பி வந்தபோது, "வானுக்கு எதிர்ச்சொல் உண்டா?" என்று கேட்டார்.

முதல் நாள் முதலில் கையில் வந்தது இதுதான்:

"பன்னிரண்டு வருஷம் காலை ஏழே முக்காலுக்கு இந்த ஸ்கூட்டரில் ரெண்டு பேர் போனோம். நாளை முதல் ஒருத்தன்தான்."

எழுதி முடித்ததும் தொண்டையில் ஏதோ அடைத்தது. சணல் தூசி என்று நினைத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு கவிஞர் விழித்துக்கொண்டு அந்த வரியைப் பரிசீலித்தார். இதில் நிலா இல்லை. கடல் இல்லை. ஒரு பறவை கூட இல்லை. ஸ்கூட்டரெல்லாம் கவிதையில் வருமா? ஆட்டோ ஸ்டாண்டில் பேசுகிற பேச்சு. போதாக்குறைக்கு கணக்கும் பிசகு. பரீட்சைக்கு இன்னும் ஐந்தாறு நாள் அவளைக் கொண்டுபோய் விட வேண்டியிருக்கிறதே. குறுக்கே ஒரு கோடு கிழித்துச் சட்டைப் பையில் போட்டார். மறந்தும் போனார்.

மூன்றாவது வாரக் கடைசியில் உருவான காவியம் இப்படி ஆரம்பித்தது: "விண்ணேணி ஏறி விண்மீன் பறிக்கப் புறப்பட்ட என் குலக்கொழுந்தே! கல்விக் கூட்டைக் கிழித்துக்கொண்டு ஞானக் கழுகாய்ப் பற! அன்னமாய் நீந்து! மயிலாய் ஆடு! புலமைப் புலியாய்ப் பாய்! வெற்றிச் சங்கே, நீயே ஊது, நீயே கேள்!" இதற்கு மேலும் அது போய்க்கொண்டே இருந்தது. போனில் டைப் அடித்துப் பார்த்தபோது ஒரு இடத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்று நின்றுவிட்டது. கேப்ஷனுக்கும் ஒரு அளவு உண்டாம். கோலப்பன் நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு மயிலை எடுத்தார். அப்போதும் நிற்கவில்லை. புலியும் போயிற்று. கழுகையும் அன்னத்தையும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று நின்று ஜெயித்தார்.

இதில் பிரஜின் சொல்லி இவர் காதில் வாங்காத சங்கதி ஒன்று உண்டு. ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ சில விநாடிதான் நிற்கும். நீளமான கேப்ஷன் போட்டால் இரண்டு மூன்று வரிதான் கண்ணில் படும். மீதியை வாசிக்க வேண்டுமானால் பார்க்கிறவர் விரலால் தட்டித் திறக்க வேண்டும். ஊரில் எவன் தட்டப் போகிறான் என்று கேட்டான் அவன். சிநேகிதருக்கு வாசகர்கள் அதிகம் என்று இவர் சொல்லிவிட்டார்.

செண்ட் ஆஃப் நாள் காலை அஸ்வதி கேரள செட் சாரி கட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, வழக்கம்போல ஏழே முக்காலுக்குப் போனாள். சாரி சக்கரத்தில் மாட்டாமல் இருக்க வடிவாம்பாள் வாசல் வரை வந்து மடித்துக் கொடுத்தாள். இவர் மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்து காப்பி குடிக்கும்போது, காஸ்காரன் வந்திருக்கிறான், சிலிண்டருக்குக் கேட்கிற அந்த ஓடிபி நம்பர் உங்கள் போனில்தானே வரும், கொடுங்கள் என்றாள் அவள். கொடுத்தார். இரண்டு நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். காவியம் போனின் குறிப்புகளுக்குள்ளே பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. காப்பி நன்றாக இருக்கிறது என்றுகூடப் பாராட்டினார். பாவம்.

மத்தியானம் மூன்றரைக்கு ஸ்கூல் ஹாலில் போய் உட்கார்ந்தார்கள். வடிவாம்பாள் மற்ற அம்மாக்களோடு முன்வரிசையில். கோலப்பன், போனை மறைப்பதற்குத் தோதாக, கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில். பையன்கள் கறுப்புச் சட்டையும் சரிகைக் கரை போட்ட கசவு முண்டுமாக, முண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார்கள். காலையிலேயே ஒருவர் யூனிஃபார்ம் சட்டையில் ஒருவர் மார்க்கரால் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார்கள். அந்தச் சட்டைகள் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி மேடைக்குப் பின்னால் தொங்கின. பிரின்சிபால் பேசினார். கிளாஸ் டீச்சர் பேச ஆரம்பித்து அழுதார். அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் சொல்லிக் கூப்பிட, மேடையேறி ஒரு பூவும் ஒரு போட்டோவும் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

பெற்றோர் பக்கம் வேறொரு விழா நடந்துகொண்டிருந்தது. தன் பிள்ளை மேடையேறிய உடனே கிளிக். கிளிக் ஆன உடனே தலை குனிந்துவிடும். எல்லாரும் கேப்ஷன் போடுகிறார்கள். ஒரு அப்பா பக்கத்தில் இருந்தவரிடம், ப்ரவுட் என்பதற்கு வேறு வார்த்தை உண்டா என்று கேட்டது இவர் காதில் விழுந்தது. கோலப்பன் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"அஸ்வதி கே." கூப்பிட்டார்கள். அவள் ஏறினாள். பூவை வாங்கிக்கொண்டு திரும்பிச் சிரித்தாள். கோலப்பன் பெரிதாக்கி எடுத்தார். ஆள் கொஞ்சம் கலங்கலாக வந்தாள், ஆனாலும் மகள்தான். போட்டோவைத் தேர்ந்தெடுத்தார். காவியத்தைக் காப்பி செய்து அடியில் ஒட்டினார். கீழே ஓரத்தில், இது யார் யாருக்குப் போகிறது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை வாசிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். அம்மாக்கள் நிறைந்த சபையில் கண்ணாடி போட்டால் கிழவர் என்று நினைப்பார்களே என்று அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பச்சை அம்பைத் தட்டினார். காவியம் பறந்தது.

மணி நாலு ஐந்து. பார்த்தவர் யாரும் இல்லை.

நாலு ஏழு. யாரும் இல்லை.

காங்கிரீட் கட்டடம், சிக்னல் கிடைக்காது என்று எழுந்து வெளியே வந்தார். வராந்தாவில் நின்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். சைக்கிள் ஷெட்டில் ஒரு கல்மேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வாட்ச்மேன் வந்து, ஏதாவது சகாயம் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

திரும்பி ஹால் வாசலுக்கு வந்தபோதுதான் அது ஆரம்பித்தது. பிரஜின் எதிரே வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. இவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"சேட்டா, அந்த கேப்ஷன். ஒண்ணும் பறையாதீங்க. ரெனி அங்கே இருந்து கரையுறா."

ரெனி அவன் மனைவி. லேசில் அழுகிற பெண்மணி இல்லை. பேங்கில் லோன் செக்‌ஷனில் இருக்கிறாள். கோலப்பனுக்கு உள்ளே மத்தளம் கொட்டியது. பார்த்தவர் எண்ணிக்கை சிக்னல் கோளாறில் நின்றிருக்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. அடக்கமாகத் தலையை ஆட்டி, ஏதோ நமக்குத் தெரிஞ்ச அளவுக்கு, என்றார். மூன்று வாரம் இதே வேலையாக இருந்தேன் என்றார். மயிலை எடுக்க வேண்டி வந்ததுதான் குறை என்றார்.

பிரஜின் மயிலா என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தன் போனை நீட்டினான்.

கலங்கல் போட்டோ இல்லை. மேடை இல்லை. இன்று காலை வாசலிலிருந்து, பின்பக்கமாக எடுத்த போட்டோ. ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பப் போகிறது. முன்னால் ஒரு முதுகு, ஒரு ஹெல்மெட். பின்னால் செட் சாரி, காற்றில் மல்லிப்பூ. ஒரு கை அப்பாவின் தோளில். மேலே பெயர்: வடிவு சேச்சி. அடியில் இரண்டே வரி.

"பன்னிரண்டு வருஷம் காலை ஏழே முக்காலுக்கு இந்த ஸ்கூட்டரில் ரெண்டு பேர் போனார்கள். நாளை முதல் ஒருத்தர்தான்."

கோலப்பன் அதை வாசித்தார். கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.  இது நான் எழுதினது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் பிரஜின், உங்கள் சிநேகிதரின் ஸ்டேட்டஸ் எனக்கு வரவே இல்லையே என்று சொல்லி, இவர் கையிலிருந்த போனை வாங்கிப் பார்த்தான். 

"சேட்டா, நான் சொல்லிக் கொடுத்தது ரெண்டாமத்தது அல்லே. இது மூணாமத்ததில் கிடக்குது. டிக் அடிச்ச ஆளுக்கு மட்டும். டிக் ஒரே ஒரு ஆளு."

அந்த நிமிஷத்தில் கண் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்று விழுந்தது. பிரஜின் தட்டிக் காட்டினான். வீடு. இன்று, நாலு பதினெட்டு.

கோலப்பன் மெதுவாக ஹாலுக்குள் எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் வடிவாம்பாள் மடியில் போனை வைத்துக்கொண்டு, திரையில் ஒரு விரலை ஊன்றி, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தாள். சுற்றி நாலு அம்மாக்கள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளைக்கு எழுதினதை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிற அப்பாக்கள் இரண்டு பேர்கூட அவர் கண்ணில் பட்டார்கள்.

பாயசம் கொடுக்கிற இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆனால் ஒரு கவிஞனுக்கு நேர்ந்த அநீதிக்கு உண்டான கனத்தோடு ஆரம்பித்தார்.

"அது என் வரியாக்கும்."

"ஆமா, உங்க வரிதான்." வடிவாம்பாள் பேப்பர் கப்பை ஊதினாள். "சட்டையை ஊறப்போடும்போது பையிலே கிடந்தது. கோடு கிழிச்சுப் போட்டிருந்தியளே, வேண்டாததாக்கும்னு நினைச்சேன். ரெண்டு வார்த்தை மாத்தினேன்."

"போனை எப்போ தொட்டே?"

"காஸ் நம்பர் கேட்டேனே."

கோலப்பன் யோசித்தார். காஸ் சிலிண்டர் போன வாரமே வந்துவிட்டது. தானே உருட்டிக்கொண்டுபோய் உள்ளே வைத்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது.

மூன்று வாரமாக ஒவ்வொரு சட்டைப் பையிலும் கழுகும் அன்னமும் கசங்கிக் கிடந்தால் சத்தியம் போன வழி தெரியாதா என்று கேட்டாள் அவள். அந்த செட்டிங்கைத் திறந்து பார்த்தால் இரண்டு பேருக்கு மட்டும் காட்டாதே என்று இருந்ததாம், ஒன்று பெற்ற பிள்ளை, ஒன்று கட்டினவள். அதைப் பார்த்ததும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் பாயசத்தைத்தான் பார்த்தாள்; கோலப்பனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"ரெண்டு பேரை விட்டுட்டு ஊருக்கெல்லாம்னு வச்சிருந்தியளே. ஊரை விட்டுட்டு ஒருத்திக்கு மட்டும்னு மாத்தினேன். முழுக்க வாசிச்சாச்சு, கேட்டியளா. நிக்கமாட்டேங்குதுன்னு விரலை ஊனிப் பிடிச்சுக்கிட்டு வாசிச்சேன். விரல் மரத்துப் போச்சு."

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் கோலப்பன். இந்த நிலைமையிலும் கேட்டார். எழுதுகிறவன் புத்தி அது.

"அந்தச் சங்கு எதுக்கு தன்னைத்தானே ஊதுது?"

 மூன்று வாரத்தில் அதை மட்டும் யோசிக்கவில்லை. இருந்தாலும் ஒரு கடைசி முயற்சியாக நெஞ்சை நிமிர்த்தினார். பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன், அந்த ஸ்கூட்டர் வரி அப்பா எழுதியது என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்றார்.

"சொல்லுங்க," என்றாள் வடிவாம்பாள். "எப்போ எழுதினீங்கன்னு கேப்பா. சாவியைத் தொட்டதுக்கு முன்னாலேயா பின்னாலேயான்னு கேப்பா. ஒரு வரிதானா, வேற உண்டான்னு கேப்பா. போனைக் காட்டச் சொல்லுவா. அதிலே கழுகு கிடக்கு."

கோலப்பன் நின்ற இடத்தில் நின்றார். முன்னால் போனால் கழுகு, பின்னால் போனால் சாவி. உரிமை கொண்டாட முடியாத ஒரே ஒரு நல்ல வரியை அவர் வாழ்க்கையில் எழுதியிருந்தார். அதற்காக வெளியே இருபது பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் ஒரு சாக்கு களவு போனால்கூட போலீஸில் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு எங்கே போவது?

அஸ்வதி கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். கண்மை இரண்டு கன்னத்திலும் ஓடியிருந்தது. கையில் போன். நேரே அம்மாவைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தாள். ஏன்மா இப்படி எழுதினே, மொத்தக் கிளாஸும் அழுதுட்டு இருக்கு, எல்லாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு, இனி என்னை யாரும் நதின்னு கூப்பிட மாட்டாங்க, ஸ்கூட்டர்னுதான் கூப்பிடுவாங்க என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். வடிவாம்பாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே மகளின் தோளுக்கு மேலாகக் கணவரைப் பார்த்தாள். சொல்வதானால் இப்போது சொல்லுங்கள் என்கிற பார்வைதான், அவள் தடுக்கவில்லை.

கோலப்பன் வாயைத் திறந்தார். மகள் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து அந்த முகத்திலிருந்து நதி வற்றியிருந்தது. இன்றைக்கு அவர் கேட்டது அதுதானே, கிடைத்தாயிற்று. பெயர்தான் வேறொருத்தருடையது. வாயை மூடிக்கொண்டார். சட்டைப் பைக்குள்ளே கைவிட்டு, போனைத் தடவி அணைத்தார்.

அஸ்வதி அம்மாவை விட்டுவிட்டு அவரிடம் வந்தாள். இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது நாள் பேசாமலிருந்த அந்தக் காலத்துக்கு அப்புறம் அவள் அப்படிப் பிடித்ததே இல்லை. கோலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா, அம்மாக்கு நான் தேங்க்ஸ் சொல்லியாச்சு. ஆனா உங்களுக்குத்தான் பெரிய தேங்க்ஸ்."

"எனக்கு எதுக்கு மக்களே?"

"சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்களே. நீங்க மட்டும் இன்னிக்கு ஒரு வரி எழுதியிருந்தா, எல்லாமே நாசமாயிருக்கும்."